பதினைந்து நாளும் முப்பது நாளும்: காப்பீட்டுக் கெடுவும் கந்தகபூமியின் கூலியும்
(காரியாபட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆயுள் காப்பீட்டில் எந்தத் திட்டம் நல்லது, எதில் போனஸ் கூடுதல் என்று கேட்டுத்தான் என்னிடம் பலரும் வருவார்கள். அந்தக் கேள்வியை இன்றைக்கு நான் எடுக்கவில்லை. பாலிசி விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பிரீமியத்தை மாதா மாதம் கட்டுவதா, மூன்று மாதத்துக்கு ஒரு முறையா, அரையாண்டா, ஆண்டுக்கு ஒரு முறையா என்று அதில் கேட்டிருக்கும். பெரும்பாலும் ஏஜெண்டே அதில் ஒரு டிக் போட்டுவிடுவார். நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். கூலிக்கு வேலை செய்யும் வீட்டில், நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பல நேரம் திட்டத்தின் பெயரைவிட அந்த டிக்தான் முடிவு செய்கிறது. நான் காப்பீட்டுத் துறையில் பாலிசி சேவைப் பிரிவில் வேலை பார்த்தவன். லாப்ஸ் ஆன பாலிசிகளும் அவற்றைப் புதுப்பிக்க வருகிறவர்களும்தான் என் மேஜைக்கு வந்த வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கெடுவைப் பற்றி. பாலிசி தொடங்கிய தேதிதான் பிறகு வருகிற ஒவ்வொரு கெடுவுக்கும் தேதி. கெடுவன்று கட்ட முடியாதவர்களுக்குச் சில நாள் சலுகை உண்டு. கிரேஸ் என்று சொல்கிறோமே, அதுதான். ஆண்டு, அரையாண்டு, காலாண்டு என்று கட்டுகிறவர்களுக்கு எல்.ஐ.சி.யில் ஒரு மாதம், அதுவும் முப்பது நாளுக்குக் குறையாமல். மாதா மாதம் கட்டுகிறவர்களுக்குப் பதினைந்து நாள். தனியார் நிறுவனங்களிலும் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி இதே முப்பதும் பதினைந்தும்தான். இந்தச் சலுகை நாட்களில் காப்பீடு முழுதாக உயிரோடு இருக்கிறது. பத்தாவது நாளில் பாலிசிதாரர் இறந்துபோனாலும், கட்டாமல் விட்ட பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை நாமினிக்குக் கொடுத்தாக வேண்டும். தாமதக் கட்டணமும் இந்த நாட்களில் கிடையாது. சலுகை முடிந்த மறுநாள் காலையில் பாலிசி லாப்ஸ். அதற்கென்று ஆள் வந்து கதவைத் தட்டுவதில்லை. வீட்டில் பத்திரம் அதே டிரங்குப் பெட்டியில், அதே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும்.

முப்பது நாளுக்கும் பதினைந்து நாளுக்கும் உள்ள வித்தியாசம் அரசு ஊழியருக்குப் பெரிதாகத் தெரியாது. மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். நம் வட்டாரத்தில் கூலி அப்படி வருவதில்லை. காரியாபட்டியைச் சுற்றி மானாவாரிக் காடு. மழை பெய்தால்தான் விதைப்பு, விளைந்தால்தான் காசு. தெற்கே போனால் பட்டாசும் தீப்பெட்டியும். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று நம் மக்கள் சொல்கிற இடங்களில் கூலி வாரக் கணக்கு. செய்த உருப்படிக்குத்தான் காசு. அடைமழையில் மருந்து காயாது, வேலை குறையும். எங்காவது விபத்து நடந்தால் ஆய்வு வரும், உரிமம் நிறுத்தி வைக்கப்படும், அந்த ஆபீஸுக்குப் போகிறவர்கள் வீட்டில் உட்கார வேண்டும். மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருவது தீபாவளி போனஸ் ஒன்றுதான். இப்படிப்பட்ட வருமானத்துக்கு மாதத்துக்கு ஒரு கெடு, அதற்குமேல் பதினைந்து நாள் என்பது எவ்வளவு இறுக்கமான கட்டு என்பதை ஓர் உண்மை நிகழ்வை வைத்துப் பார்ப்போம்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் உத்தரவு சொன்னது. பசுமைப் பட்டாசு மட்டும், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது என்றது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6. போனஸ் வாங்கிக் கொண்டாடி முடித்த கையோடு, நவம்பர் நடுவில் சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மூடப்பட்டன. மறுபடி திறந்தது 2019 மார்ச் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதம் கூலி இல்லை.

இந்த நான்கு மாதத்துக்குள் இரண்டு வீடுகளைக் கற்பனையாக நிறுத்திப் பார்க்கிறேன். வீடுகள் கற்பனை, விதிகள் உண்மை. இரண்டு வீட்டிலும் 2016 அக்டோபர் 28 அன்று தொடங்கிய ஒரே மாதிரி எண்டோமெண்ட் பாலிசி. காப்பீட்டுத் தொகை இரண்டரை லட்சம். அட்டவணைப்படி ஆண்டுப் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்போது ஜி.எஸ்.டி. தனியாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு அந்த வரியே இல்லை.

முதல் வீடு மாதா மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. நவம்பர் 28 கெடுவுக்குப் போனஸில் மிச்சம் இருந்தது, பிடித்துவிட்டார்கள். டிசம்பர் 28 அன்று கணக்கில் பணம் இல்லை. பதினைந்து நாள் சலுகை ஜனவரி 12 அன்று முடிந்தது. ஜனவரி 13, அதாவது பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, பாலிசி லாப்ஸ். அதுவரை கட்டியது 26 தவணை, 26,000 ரூபாய். மூன்று ஆண்டு முழுதாகக் கட்டியிருந்தால்தான் அந்தக் காலத்துப் பாலிசிக்குச் சரண்டர் மதிப்பும் குறைந்த தொகைக்கு நீடிக்கிற உரிமையும் உண்டு. இவர்கள் கட்டியது இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும். ஆகவே பிப்ரவரியில் அந்த வீட்டில் பாலிசிதாரர் இறந்திருந்தால் நாமினிக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை.

இரண்டாவது வீடு ஆண்டுக்கு ஒரு முறை கட்டுகிறது. கெடு அக்டோபர் 28. ஒரு மாதச் சலுகையில் நவம்பர் 28 வரை நேரம். போனஸ் கைக்கு வந்ததும் நவம்பர் முதல் வாரத்தில் கட்டிவிட்டார்கள். அடுத்த கெடு 2019 அக்டோபர் 28. ஆலை நான்கு மாதம் மூடியதும் திறந்ததும் அந்தப் பாலிசியைத் தொடவே இல்லை. வேலையில்லாத மாதங்களில் அந்த வீட்டிலும் கஷ்டம்தான், கடன்தான், ஆனால் காப்பீடு நின்றது. அடுத்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27. மறுபடி போனஸும் கெடுவும் ஒன்றாக வந்தன. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோதும் அதே கதைதான். மார்ச், ஏப்ரல் மாதக் கெடுக்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் கூடுதலாக முப்பது நாள் கொடுத்தது. இரண்டாவது வீட்டுக்கு அந்தச் சலுகையே தேவைப்படவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவதில் பணமும் கொஞ்சம் மிச்சம். ஆண்டுத் தவணைக்கு அட்டவணைப் பிரீமியத்தில் இரண்டு சதவீதமும், அரையாண்டுத் தவணைக்கு ஒரு சதவீதமும் எல்.ஐ.சி. தள்ளுபடி தருகிறது. காலாண்டுக்கும் மாதத்துக்கும் தள்ளுபடி இல்லை. நம் கணக்கில் மாதா மாதம் கட்டினால் ஆண்டுக்கு 12,000, அரையாண்டுக்கு இரண்டு 5,940, ஆண்டுக்கு ஒரு முறை என்றால் 11,760. மிச்சம் 240 ரூபாய். ஏஜெண்டுகள் இந்த 240 ரூபாயைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மாதா மாதம் கொடுக்க வேண்டியதை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கிறோம் அல்லவா, அதற்கு வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய நாலரை சதவீதம்தான் வருகிறது. கையில் இருக்கிற பணத்தைக் கட்டினால் சரி. நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்கி ஆண்டுப் பிரீமியம் கட்டுவது சுத்த நஷ்டம். ஆண்டுத் தவணையை நான் ஆதரிப்பதற்குக் காரணம் தள்ளுபடி அல்ல. மாதத் தவணையில் பாலிசி கீழே விழுவதற்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொள்ளப் பதினைந்து நாள். ஆண்டுத் தவணையில் ஒரே வாய்ப்பு, பிடித்துக்கொள்ள ஒரு மாதம்.

மாதத் தவணையில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு ஒன்றும் இருக்கிறது. கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பிப் போனால், வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். பல வங்கிகளில் அது ஒரு முறைக்குச் சில நூறு ரூபாய். ஆயிரம் ரூபாய் பிரீமியம் ஒரு மாதம் தாமதமானால் காப்பீட்டு நிறுவனம் கேட்கிற வட்டி எட்டு ரூபாய்தான். அந்த எட்டு ரூபாய்த் தாமதத்துக்கு வங்கி பிடிப்பது அதைப்போல் பல மடங்கு. அடுத்த வாரம் கூலி போட்டவுடன் அந்தப் பாக்கிக் கட்டணம் முதலில் கழிந்துவிடும். பிரீமியத்துக்கு மறுபடி பணம் பற்றாது. இரண்டு மூன்று தவணை தொடர்ந்து விழுகிற வீடுகளில் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இனி புதுப்பித்தல். லாப்ஸ் ஆன பாலிசியைப் பற்றிக் கேட்டால் நம் மக்கள் சொல்கிற முதல் வார்த்தை, 'அபராதம் ரொம்பக் கேப்பாங்கய்யா' என்பது. அந்தப் பயத்தால்தான் பலர் அலுவலகப் பக்கமே வருவதில்லை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். தாமத வட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறும், திட்டத்துக்குத் திட்டமும் மாறும். ஒன்பதரை சதவீதம், அரையாண்டுக்கு ஒரு முறை கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். நம் முதல் வீடு ஆலை திறந்து, இரண்டு மாதக் கூலி பார்த்து, 2019 மே 28 அன்று புதுப்பிக்க வருகிறது. டிசம்பர் முதல் மே வரை ஆறு தவணை, 6,000 ரூபாய். தாமத வட்டி சுமார் 120 ரூபாய். அவ்வளவுதான்! இந்த 120 ரூபாய்க்குப் பயந்து 26,000 ரூபாயை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

அதே நேரம், ரொம்ப நாள் விட்டுவிட்டால் கணக்கு வேறு முகம் காட்டும். ஆண்டுக்கு 11,760 கட்டுகிற ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து வருகிறார் என்றால், முதல் பாக்கி, இரண்டாவது பாக்கி, அன்றைய கெடு என மூன்று ஆண்டுப் பிரீமியம், 35,280 ரூபாய். வட்டி சுமார் 3,540. மொத்தம் 38,800 ரூபாய்க்கு மேல். இங்கேயும் வட்டி சிறியது. வழியை அடைப்பது பாக்கித் தொகை. சலுகைக் கட்டணப் புதுப்பித்தல் முகாம்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். 2023 செப்டம்பர், அக்டோபரில் எல்.ஐ.சி. நடத்திய முகாமில் தாமதக் கட்டணத்தில் முப்பது சதவீதம் தள்ளினார்கள். நல்ல காரியம். ஆனால் தள்ளுபடி வட்டியில்தான், பிரீமியத்தில் இல்லை. நம் உதாரணத்தில் 38,800 ரூபாயில் குறைவது ஆயிரத்துச் சொச்சம். முகாம் வரட்டும் என்று காத்திருந்தால், காத்திருக்கும் மாதங்களில் பாக்கி அதைவிட வேகமாக வளரும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை முறைப் புதுப்பித்தலைப் பற்றிக் கேளுங்கள். பாக்கியில் ஒரு பகுதியை இப்போது கட்டி, மீதியை வரும் ஆண்டுகளின் பிரீமியத்தோடு பிரித்துக் கட்டுகிற ஏற்பாடு எல்.ஐ.சி.யில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் தானாகச் சொல்லமாட்டார், நாம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்படியானால் லாப்ஸின் உண்மையான விலை எது? இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, காப்பீடு இல்லாமல் கடந்த நாட்கள். நம் முதல் வீட்டுக்கு அது ஜனவரி 13 முதல் மே கடைசி வரை, நாலரை மாதம். பணம் கட்டிப் புதுப்பித்தாலும் அந்த நாட்களுக்குப் பின்தேதியிட்டுப் பாதுகாப்பு வராது. இதை உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 2011 ஏப்ரலில் ஒருவர் எல்.ஐ.சி.யில் மூன்றே முக்கால் லட்சத்துக்குப் பாலிசி எடுத்தார். விபத்தில் இறந்தால் இன்னொரு மூன்றே முக்கால் லட்சம் கூடுதல். அரையாண்டுத் தவணை. அக்டோபர் 14 கெடுவைக் கட்டவில்லை. 2012 மார்ச் 6 அன்று விபத்தில் அடிபட்டார். மார்ச் 9 அன்று பாக்கிப் பிரீமியம் கட்டப்பட்டது. மார்ச் 21 அன்று இறந்தார். அடிப்படைத் தொகையை எல்.ஐ.சி. மனைவிக்குக் கொடுத்தது, விபத்துத் தொகையை மறுத்தது. மாவட்ட மன்றம் கொடுக்கச் சொன்னது, மாநில ஆணையம் வேண்டாம் என்றது, தேசிய ஆணையம் மறுபடி கொடுக்கச் சொன்னது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: விபத்து நடந்த நாளில் பாலிசி உயிரோடு இல்லை, ஆகவே விபத்துத் தொகை இல்லை. இறந்த நாளை அவர்கள் பார்க்கவில்லை, அடிபட்ட நாளைப் பார்த்தார்கள். மருந்துக் கலவையோடு வேலை செய்கிற ஊருக்கு இதைவிட முக்கியமான தீர்ப்பு வேறில்லை என்பது என் எண்ணம். தீக்காயத்தோடு ஒருவர் மதுரை அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும்போது உறவினர் ஓடிப்போய்ப் பிரீமியம் கட்டுவது இங்கே நடக்கிற காரியம். அந்த நேரத்தில் கட்டுகிற பணம் விபத்துக்கு உதவாது. விபத்துக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது விலை இன்னும் மறைவானது. லாப்ஸ் நீண்டுவிட்டால் புதுப்பிக்கும்போது உடல்நலத்தைப் பற்றிய அறிவிப்பைக் கேட்பார்கள். எல்.ஐ.சி.யில் படிவம் 680. சர்க்கரை உண்டா, மருத்துவமனையில் தங்கினீர்களா, வேலை மாறினீர்களா என்று கேள்விகள். அந்தப் படிவத்தை நிரப்புவது முதல் விண்ணப்பத்தை நிரப்புவதற்குச் சமம். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பாலிசிதாரருக்கு ஒரு பெரிய கவசம் தருகிறது. மூன்று ஆண்டு கழிந்த பிறகு, எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. 1962-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அந்தக் காலத்துச் சட்டப்படி, இந்தக் கால வரம்பைப் பாலிசி முதலில் எடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும், புதுப்பித்த நாளிலிருந்து அல்ல என்று சொல்லியிருந்தது. 2015-இல் திருத்திய சட்டம் அதை மாற்றிவிட்டது. பாலிசி கொடுத்த நாள், பொறுப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று ஆண்டு. பத்து ஆண்டு ஒழுங்காகக் கட்டியவரும் ஒரு முறை லாப்ஸ் ஆக்கிப் புதுப்பித்தால், மூன்று ஆண்டு எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே 680-ஐ ஏஜெண்டிடம் வெற்றுத் தாளாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், கேட்கட்டும்.

இன்னொன்று: கட்டியது யாரிடம் என்பது. நம் ஊர்களில் ஏஜெண்டு சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். பணத்தை அவரிடம் கொடுத்தால் கட்டியதாகவே மக்கள் நினைக்கிறார்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு. பாலிசிதாரர் நான்கு பாலிசிகளின் பாக்கிக்கு 1987 ஜூன் மாதம் ஏஜெண்டிடம் காசோலை கொடுத்தார். ஏஜெண்டு அதை மாற்றிப் பணமாக்கிக்கொண்டார், அலுவலகத்தில் கட்டவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். ஆகஸ்ட் 10 அன்று ஏஜெண்டு பணத்தைக் கட்டினார். பிரீமியம் வாங்க ஏஜெண்டுக்கு விதிப்படி அதிகாரம் இல்லை, அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கட்டியது ஆகாது என்று தீர்ப்பு வந்தது. இதற்கு நேர்மாறாக 1999-இல் டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருவரின் வழக்கு. அது சம்பளப் பிடித்தத் திட்டம். பிரீமியத்தைப் பிடித்து அனுப்புவது வாரியத்தின் வேலை, அனுப்பவில்லை. ஊழியர் இறந்தார். அந்தத் திட்டத்தில் முதலாளியே எல்.ஐ.சி.யின் முகவர் மாதிரி நிற்கிறார், அவர் தவறுக்கு ஊழியரின் குடும்பத்தைத் தண்டிக்க முடியாது, எல்.ஐ.சி. பணம் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்தில் பிடிக்கிற இடத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஏஜெண்டு கையில் கொடுத்த நோட்டுக்கு, நிறுவனத்தின் ரசீது வருகிற வரைக்கும் பாதுகாப்பு இல்லை. ஆபீஸ் கணக்குப்பிள்ளை நம் வாரக்கூலியில் பிடித்து ஏஜெண்டிடம் கொடுக்கிறார் என்றால் அது சம்பளப் பிடித்தத் திட்டம் ஆகாது. அது நமக்குள் ஒரு ஏற்பாடு மட்டும்தான்.

அரசாங்கத்தின் ஜீவன் ஜோதித் திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 436 ரூபாய், இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு, ஜூன் 1 முதல் மே 31 வரை. விபத்துக்கென்று சுரக்ஷா திட்டம் 20 ரூபாய். இரண்டும் ஆண்டுத் தவணை, மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பிடிப்பார்கள். அந்த நாளில் 456 ரூபாய் இல்லாத கணக்குகள் நம் வட்டாரத்தில் ஏராளம். ஜீவன் ஜோதியில் விட்டுவிட்டுப் பிறகு மறுபடி சேர்ந்தால், முதல் முப்பது நாளில் நோயால் இறப்பவருக்குத் தொகை கிடையாது. பள்ளி திறக்கிற செலவு வருவதற்கு முன்பே, மே நடுவில் அந்தத் தொகையைக் கணக்கில் போட்டுவிட்டு அதை எடுக்காமல் இருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு என் முடிவைச் சொல்கிறேன். மாதச் சம்பளம் வங்கியில் விழுகிறவருக்கு மாதத் தவணை தவறில்லை. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மானாவாரிக்கும் போகிற வீட்டுக்கு அது பொருந்தாது. அந்த வீட்டுக்கு ஆண்டுத் தவணை, கெடு அக்டோபர் 28. ஏன் அந்தத் தேதி என்றால், தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எந்த நாளிலும் வரும். பிந்தி வந்தாலும் நவம்பர் 28 வரை சலுகை இருப்பதால் போனஸில் கட்டிவிடலாம். முந்தி வந்தால், கெடுவுக்கு ஒரு மாதத்துக்குள் இருக்கும்போதே பிரீமியத்தை வாங்கிக்கொள்வார்கள். மானாவாரி வீட்டுக்காரர் தன் அறுவடை மாதத்தை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே மூச்சில் 11,760 ரூபாய் முடியாது என்றால் காப்பீட்டுத் தொகையைக் குறைத்து எடுங்கள், இல்லையென்றால் அரையாண்டாக எடுங்கள். இரண்டரை லட்சத்துக்கு எடுத்து லாப்ஸ் ஆவதைவிட ஒரு லட்சத்துக்கு எடுத்து நிற்பது மேல். ஏற்கெனவே மாதத் தவணையில் இருப்பவர்கள் பாலிசி ஆண்டு தொடங்குகிற கெடுவில் தவணை முறையை மாற்றச் சொல்லி கிளையில் எழுதிக் கொடுக்கலாம்.

இங்கே இருக்கும் ஆசிரியர்களிடமும் மகளிர் குழுத் தலைவிகளிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பிரீமிய ரசீதில் அடுத்த கெடு எது என்று அச்சடித்திருப்பார்கள். உங்கள் தெருவில் படிக்கத் தெரியாத வீடுகளில் கடைசி ரசீதை வாங்கி அந்தத் தேதியைப் படித்துச் சொல்லுங்கள். அது கடந்துபோயிருந்தால் எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் பல பாலிசிகளில் உடல்நல அறிவிப்பு இல்லாமலே பாக்கியும் சிறு வட்டியும் கட்டிப் புதுப்பித்துவிடலாம். அவர்களைக் கையோடு கிளைக்கு அழைத்துப் போங்கள். அடுத்த முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம்.